கடைக்காரருக்கு வெப்சைட் பற்றி மெயில் எழுதுவது எப்படி: ஒரு பித்தளைப் பாத்திரக் கடையை வைத்து முழு வழிகாட்டி

ஊர்க் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் ஃப்ரீலான்சர்கள் அனுப்பும் மெயில்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கின்றன. "இன்றைய டிஜிட்டல் உலகில் உங்கள் வணிகத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசெல்ல..." என்று தொடங்கும். கீழே ஐந்து பேக்கேஜ், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. கடைக்காரர் இரண்டாவது வரியிலேயே மூடிவிடுகிறார். காரணம், அந்த மெயிலில் அவருடைய கடை எங்கேயும் இல்லை. அதே மெயில் பக்கத்து ஜவுளிக் கடைக்கும் எதிர்க்கடை மெடிக்கலுக்கும் போயிருக்கும் என்பது அவருக்கு உடனே புரிந்துவிடும்.

பதில் வரும் மெயிலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கும்: உங்கள் சரக்கைத் தேடுகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், அவர்கள் எந்த இடத்தில் உங்களைத் தவறவிடுகிறார்கள் என்று பார்த்தேன், அதை இப்படிச் சரிசெய்யலாம். இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். கும்பகோணம் கடைத்தெருவில் பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள் விற்கும் ஒரு நடுத்தரக் கடை. சீர்வரிசைச் சாமான், உருளி, குத்துவிளக்கு, பொங்கல் பானை எல்லாம் உண்டு, பழைய பாத்திரத்துக்கு ஈயமும் பூசித் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், இந்தக் கடைக்கு வெப்சைட் தேவையா?

எல்லாக் கடைக்கும் தேவைப்படாது. தெருமுனை மளிகைக் கடைக்கும் டீக்கடைக்கும் கூகுள் மேப்ஸில் சரியான நேரமும் போன் நம்பரும் இருந்தாலே போதும். அதற்கு மேல் அவர்களிடம் காசு வாங்குவது நியாயமில்லை என்பது என் கருத்து. வாங்குவதற்கு முன் யோசித்து, விசாரித்து, ஒப்பிட்டுப் பார்க்கும் சரக்கை விற்கிற கடைக்குத்தான் வெப்சைட் உண்மையில் ஆள் கூட்டிவரும். வெளியூர்க்காரர்கள் தேடி வருகிற கடை என்றால் இன்னும் நல்லது.

பித்தளைப் பாத்திரக் கடை இதில் கச்சிதமாகப் பொருந்தும். பெண்ணுக்குச் சீர் வாங்குகிற குடும்பம் கடைக்குப் போவதற்குப் பல வாரம் முன்பே விசாரிக்கத் தொடங்கிவிடும். நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிறவர்கள் கும்பகோணத்தில் தங்கும்போது ஏதாவது வாங்கிப் போக நினைக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறிவிட்டவர்கள் ஊர்ப் பாத்திரத்தைக் கூரியரில் வாங்க முடியுமா என்று பார்க்கிறார்கள். இந்த மூன்று வகை ஆட்களும் கடைத்தெருவில் நடந்து வந்து போர்டைப் பார்த்து உள்ளே நுழைகிறவர்கள் இல்லை. போனில் தேடித்தான் வருவார்கள். மெயிலில் பேச வேண்டியது இவர்களைப் பற்றித்தான்.

எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய தேடல்

மெயிலின் பலம் முழுக்க இந்த வேலையில் இருக்கிறது. போனில் க்ரோமைத் திறந்து இன்காக்னிட்டோ டேபுக்குப் போங்கள். அப்போது உங்கள் பழைய தேடல்கள் முடிவுகளில் கலக்காது. பிறகு வாடிக்கையாளர் எப்படித் தட்டுவாரோ அப்படியே தட்டுங்கள். நம் ஆட்கள் தமிழ் எழுத்திலும் தேடுவார்கள், ஆங்கிலத்திலும் தேடுவார்கள், ஆங்கில எழுத்தில் தமிழையும் தட்டுவார்கள். மூன்றையும் பார்க்க வேண்டும்:

```
கும்பகோணம் பித்தளை பாத்திரக் கடை
brass vessels shop kumbakonam
pithalai pathiram eeyam poosuthal kumbakonam
```

ஒவ்வொரு தேடலிலும் மேப்புடன் வரும் கடைப் பட்டியலில் நம் கடை இருக்கிறதா, அதற்குக் கீழே வரும் இணைப்புகளில் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், தேதியையும் எழுதி வையுங்கள். தேடுகிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து முடிவுகள் மாறும். கடைக்காரர் தன் கல்லாவில் உட்கார்ந்து தேடினால் அவர் கடைதான் முதலில் வரக்கூடும். ஆகவே "நீங்கள் தேடலில் வரவே இல்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அவர் அங்கேயே தட்டிப் பார்த்து உங்களைப் பொய்யர் ஆக்கிவிடுவார். "சென்னையிலிருந்து இந்த வார்த்தைகளைத் தேடினேன்" என்று இடத்தையும் வார்த்தையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீங்கள் கும்பகோணத்திலேயே இருந்தால் சென்னையில் உள்ள நண்பர் ஒருவரைத் தேடச் சொல்லி ஸ்க்ரீன்ஷாட் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்தக் கடையின் கூகுள் பக்கத்தைத் திறந்து, வெப்சைட் என்ற பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழுத்திப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் கூகுளே சிறு கடைகளுக்கு இலவசமாக ஒரு பக்கம் செய்து கொடுத்துவந்தது. அதன் முகவரி `business.site` என்று முடியும். 2024 மார்ச்சில் கூகுள் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பில் புக்கிலும் அச்சடித்த கடைகள் உண்டு. அது இப்போது திறக்காது என்பது சில முதலாளிகளுக்கு இன்னும் தெரியாது. இதைக் கண்டுபிடித்தால் மெயிலின் முதல் வரி உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

மூன்றாவது, ரிவ்யூக்கள். நட்சத்திரத்தை எண்ணுவதை விட்டுவிட்டு வாசகங்களைப் படியுங்கள். "கூரியர் அனுப்புவாங்களான்னு தெரியல", "போன் பண்ணா எடுக்கல", "ஈயம் பூச எத்தனை நாள் ஆகும்னு கேட்டுட்டு வந்திருக்கலாம்" என்பது போன்றவை தங்கம். வெப்சைட்டில் என்ன பக்கம் வேண்டும் என்பதை வாடிக்கையாளரே எழுதிக் கொடுத்திருக்கிறார். கடை பற்றிக் குறை சொல்லும் ரிவ்யூவை மட்டும் மெயிலில் எடுத்துக் காட்டாதீர்கள். கேள்வியாக இருப்பதை மட்டும் எடுங்கள்.

"மாதம் இத்தனை ஆயிரம் பேர் தேடுகிறார்கள்" என்ற எண்ணை மெயிலில் போடாமல் இருப்பது நல்லது. ஊர்ப் பெயரோடு வரும் சின்னத் தேடல்களுக்குக் கருவிகள் தரும் கணக்கு மிகவும் தோராயமானது. மாநிலம் முழுக்க உள்ள எண்ணைக் காட்டி ஒரு ஊர்க் கடைக்காரரிடம் ஆசை ஊட்டினால் ஆறு மாதம் கழித்து அந்த எண்ணே உங்களைக் கேள்வி கேட்கும்.

வாடிக்கையாளர் எப்படி வருவார் என்பதை விளக்குவது

"வெப்சைட் இருந்தால் வியாபாரம் பெருகும்" என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரே ஒரு ஆளை எடுத்து, அவர் தேடலிலிருந்து கடை வாசல் வரை வரும் வழியைச் சொன்னால் நம்புவார்கள்.

உதாரணமாக, சென்னையில் உள்ள ஒருவர் பழைய பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச இடம் தேடுகிறார். புளி சேர்த்துச் சமைக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், செய்கிறவர்தான் அகப்படவில்லை. கடையின் வெப்சைட்டில் ஈயம் பூசுவதற்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. எத்தனை நாள் ஆகும், கூலி எப்படிக் கணக்கு, பூசுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படம் எல்லாம் அதில் உண்டு. தேடலில் அந்தப் பக்கம் வருகிறது. படித்துவிட்டு அடியில் உள்ள வாட்ஸ்அப் பட்டனை அழுத்துகிறார். அடுத்த முறை ஊருக்கு வரும்போது நான்கு பாத்திரம் கொண்டுவருகிறார். காத்திருக்கும்போது புதிதாக ஒரு உருளியும் பார்க்கிறார்.

இங்கே வேலை செய்தது அழகான முகப்புப் பக்கம் இல்லை, ஒரு கேள்விக்கு நேர்ப் பதிலாக இருந்த ஒரு பக்கம். உள்ளூர்த் தேடலில் கூகுள் மூன்றைப் பார்ப்பதாகச் சொல்கிறது: தேடலுக்குப் பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. அறியப்படுவது மெல்ல மெல்லத்தான் நடக்கும். பொருத்தம் ஒன்றுதான் உடனே கைவைக்கக்கூடியது. "ஈயம் பூசித் தருகிறோம்" என்று எங்கேயும் எழுதாத கடையை அந்தத் தேடலுக்குக் காட்ட கூகுளுக்கு அதிகக் காரணம் இல்லை. மெயிலில் இந்த விவரமெல்லாம் வேண்டாம், ஆனால் நேரில் கேட்டால் சொல்ல நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

சரக்கின் இயல்பையும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். பித்தளையும் வெண்கலமும் எடைக்கு விற்கிற சரக்கு, கிலோ விலை ஏறி இறங்கும். "எல்லாப் பொருளுக்கும் விலை போட்டு ஆன்லைன் ஷாப் செய்து தருகிறேன்" என்று எழுதினால் இந்த வியாபாரம் உங்களுக்குத் தெரியாது என்று அவர் முடிவு கட்டிவிடுவார். பொருளின் படம், தோராய எடை, எத்தனை லிட்டர் பிடிக்கும் ஆகியவை மட்டும் பக்கத்தில் இருக்கட்டும், அன்றைய விலையை வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொள்ளட்டும் என்றால் அவருக்கு உடனே பிடிபடும்.

மாதிரி மெயில்

இதை அப்படியே நகலெடுக்க முடியாது. ஒவ்வொரு தகவலும் நீங்கள் பார்த்ததாக இருக்க வேண்டும்.

> பொருள்: உங்கள் பாத்திரக் கடை – ஈயம் பூசுவது பற்றி
>
> வணக்கம் ஐயா,
>
> நான் தஞ்சாவூரில் இருந்து எழுதுகிறேன். கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் தொழில். சென்ற மாதம் உங்கள் கடையில் ஒரு குத்துவிளக்கு வாங்கினேன். அப்போதுதான் நீங்கள் ஈயம் பூசித் தருவதும் தெரிந்தது.
>
> சென்னையில் உள்ள நண்பரை "கும்பகோணம் ஈயம் பூசுதல்" என்று கூகுளில் தேடச் சொன்னேன். முதல் பக்கத்தில் உங்கள் கடை வரவில்லை (ஸ்க்ரீன்ஷாட் கீழே). உங்கள் கூகுள் பக்கத்தில் உள்ள வெப்சைட் பட்டனும் இப்போது திறக்கவில்லை. கூகுள் அந்த இலவசச் சேவையை 2024-ல் நிறுத்திவிட்டது. ரிவ்யூவில் இரண்டு பேர் வெளியூருக்குக் கூரியர் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள்.
>
> இதற்கு ஐந்து பக்கத்தில் ஒரு சின்ன வெப்சைட் போதும்: சீர்வரிசை, உருளியும் பானையும், விளக்குகள், ஈயம் பூசுவது, கடைக்கு வரும் வழி. ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் வாட்ஸ்அப்புக்கு நேராக வரும் பட்டன் இருக்கும். வெப்சைட்டிலிருந்து வரும் மெசேஜ் தனியாகத் தெரியும். எத்தனை பேர் வந்தார்கள் என்று உங்கள் போனிலேயே எண்ணிக்கொள்ளலாம்.
>
> செய்து கொடுக்க 15,000 ரூபாய். படமும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அடுத்த வருடத்திலிருந்து வெப்சைட் முகவரிக்கும் அது இருக்கும் சர்வர் இடத்துக்கும் வருடம் சுமார் 3,000 ரூபாய் ஆகும். முகவரி உங்கள் பெயரில்தான் பதிவாகும். நாளை வேறு ஒருவரிடம் வேலையைக் கொடுக்க நினைத்தாலும் தடை இருக்காது.
>
> கூகுளில் முதல் இடம் வரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. தேடலில் தெரியத் தொடங்க இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம்.
>
> புதன்கிழமை மதியம் கடைக்கு வந்து, ஈயம் பூசும் பக்கம் எப்படி இருக்கும் என்று போனில் காட்டட்டுமா? பத்து நிமிடம் போதும்.
>
> நன்றி.
> (பெயர், ஊர், போன் நம்பர்)

இதில் கவனிக்க வேண்டியவை

பொருள் வரியில் வெப்சைட் என்ற சொல்லே இல்லை. போனில் மெயில் பட்டியலில் பொருள் வரியின் முதல் சில சொற்கள்தான் தெரியும். "வெப்சைட் ப்ரபோசல்" என்று வந்தால் திறக்காமலே அழிப்பார்கள். அதற்காக "அவசரம்", "உங்கள் ஆர்டர்" என்று ஏமாற்றித் திறக்கவைக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் விஷயமே பொருள் வரியில் இருக்க வேண்டும்.

முதல் இடம் உறுதியில்லை என்ற வரியைப் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். முதலிடத்தை யாராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. முதலிடம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போன ஒருவரை இந்தக் கடைக்காரர் ஏற்கெனவே பார்த்திருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு இந்த வரிதான் நம்பிக்கை தரும். முகவரி உங்கள் பெயரில் என்ற வரியும் அதே காரணத்துக்குத்தான். செய்து கொடுத்தவர் போனை எடுக்காமல் போனதால் முகவரியே கைவிட்டுப்போன கடைகள் உண்டு. சொன்னபடி டொமைனைக் கடைக்காரரின் மெயில் ஐடியில், அவர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலுக்கும் பாஸ்வேர்டு கேட்காதீர்கள். உங்களை மேனேஜராகச் சேர்க்கச் சொன்னால் போதும், வேலை முடிந்ததும் அவரே எடுத்துவிடலாம்.

போனிலேயே எண்ணிக்கொள்ளலாம் என்பதற்கு வழி எளிது. வாட்ஸ்அப் இணைப்பில் முன்கூட்டியே ஒரு வாசகத்தைச் சேர்த்துவிடலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Website%20-%20Eeyam%20poosa
```

நம்பருக்கு முன் பிளஸ் குறியோ பூஜ்யமோ வரக்கூடாது, 91-க்குப் பிறகு நேராகப் பத்து இலக்கம். பட்டனை அழுத்தியவரின் மெசேஜ் பெட்டியில் "Website - Eeyam poosa" என்று தயாராக இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் இந்த வாசகத்தை மாற்றினால் எந்தப் பக்கம் ஆள் கொண்டுவருகிறது என்று வாட்ஸ்அப்பில் Website என்று தேடினாலே தெரிந்துவிடும். சிலர் அந்த வாசகத்தை அழித்துவிட்டு எழுதுவார்கள், சிலர் பேசாமல் நேரே கடைக்கு வந்துவிடுவார்கள். ஆகவே உண்மையில் வந்தவர்களைவிட எண்ணிக்கை குறைவாகவே காட்டும். அதையும் நேரில் சொல்லிவிடுங்கள்.

லாபக் கணக்கை மெயிலில் நீங்கள் போடாதீர்கள். அவருடைய மார்ஜின் உங்களுக்குத் தெரியாது. நேரில் பேசும்போது, "ஒரு சீர்வரிசை செட்டில் உங்களுக்கு எவ்வளவு நிற்கும்?" என்று கேட்டு, அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 3,000 நிற்கும் என்றால் வருடத்தில் கூடுதலாக ஐந்து செட் விற்றால் உங்கள் கூலி வந்துவிடும், அடுத்த வருடங்களில் ஒரு செட் போதும். அது நடக்குமா என்பதை அவர்தான் உங்களைவிட நன்றாகச் சொல்வார். நடக்காது என்று அவருக்குத் தோன்றினால் அந்தக் கடைக்கு வெப்சைட் விற்க வேண்டாம்.

ஸ்க்ரீன்ஷாட் ஒன்று போதும். பிடிஎஃப், போர்ட்ஃபோலியோ, நான்கு லிங்க் என்று அடுக்கினால் மெயில் ஸ்பேமுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். ஒரே மெயிலை நூறு பேருக்குப் பிசிசியில் அனுப்பினாலும் அதே கதிதான்.

எப்போது அனுப்புவது, பிறகு என்ன செய்வது

பாத்திரக் கடைக்கு ஆடி மாதம் நல்ல நேரம். முகூர்த்தம் இல்லாததால் சீர்வரிசைக் கூட்டம் குறைவு, முதலாளிக்கு யோசிக்க அவகாசம் இருக்கும். ஆடியில் பேசி ஆவணிக்குள் முடித்தால், கூகுள் பக்கங்களைப் படித்துச் சேர்த்துக்கொண்டு தீபாவளி, பொங்கல் சீசனுக்குள் தேடலில் தெரியத் தொடங்க வாய்ப்பு உண்டு. தை பிறக்கப் போகும் வாரத்தில், பொங்கல் பானை விற்றுக்கொண்டிருக்கும்போது மெயில் அனுப்பினால் யாரும் திறக்கமாட்டார்கள்.

மெயில் ஐடி விசிட்டிங் கார்டில் அல்லது பில்லில் இருக்கும். பல கடைகளில் அந்த மெயிலைப் பார்ப்பவர் முதலாளியாக இருக்கமாட்டார், கணக்கு எழுதுபவரோ மகனோ மகளோ பார்ப்பார். அதனால் மெயில் போன மறுநாள் கடையின் வாட்ஸ்அப்புக்கு ஒரு வரி: "ஐயா, ஈயம் பூசுவது பற்றி ஒரு மெயில் அனுப்பியிருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்." மெயில் முழுவதையும் வாட்ஸ்அப்பில் ஒட்டாதீர்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் இன்னும் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நேரில் போகும்போது அந்த ஈயம் பூசும் பக்கத்தை மட்டும் செய்து போனில் எடுத்துப் போங்கள். கூகுளிலிருந்து எடுத்த வேறு கடைப் படங்களைப் போடாமல், அவர் கடையில் நீங்கள் எடுத்த இரண்டு படங்களைப் போடுங்கள், அனுமதி கேட்டு எடுத்ததாக இருக்கட்டும்.

அங்கே பெரும்பாலும் இரண்டு கேள்விகள் வரும். "தம்பி, நாங்கதான் மேப்ல இருக்கோமே, அப்புறம் எதுக்கு வெப்சைட்?" என்பார். கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மேப் போதும், என்ன கிடைக்கும் என்று தெரியாதவருக்கு அது போதாது என்று சொல்லி, சென்னையிலிருந்து ஈயம் பூசுவதைத் தேடி எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டுங்கள். இன்னொன்று, "என் பொண்ணு இன்ஸ்டாகிராம்ல போட்டோ போடுது, அது போதாதா?" என்பார். அதைக் குறைத்துப் பேசாதீர்கள், அந்தப் படங்கள் உங்களுக்கே உதவும். இன்ஸ்டாகிராமில் போட்டது பெரும்பாலும் சில நாள் பேசப்பட்டுக் கீழே போய்விடும், ஈயம் பூசும் பக்கமோ தேடுகிறவர் தேடும் அன்றைக்கு அங்கே இருக்கும் என்று வித்தியாசத்தைச் சொல்லுங்கள். வெப்சைட்டைப் புதுப்பிக்கும் பொறுப்பை அந்தப் பெண்ணுக்கே சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னால் வீட்டிலேயே ஒருவர் உங்கள் பக்கம் பேசுவார்.

சரி என்று சொல்லிவிட்டால் அன்று மாலையே ஒரு சின்ன மெயில் அனுப்புங்கள். பேசிய தொகை, முன்பணம் பாதி, படம் எடுக்க வரும் நாள், ஐந்து பக்கங்களின் பெயர், முடித்துக் கொடுக்கும் தேதி, அதற்குப் பிறகு எத்தனை முறை திருத்தம் இலவசம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். "சரி" என்று ஒரு சொல் பதில் வந்த பிறகு டொமைன் வாங்குங்கள்.